லிங்க்ட்இன்ல எழுதினதை அப்படியே பேசலாமா? 30 விநாடி அறிமுகம் தயாரிப்பது எப்படி?

நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியில் உங்களிடம் பேசியவர், பிறகு உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தைத் தேடிப் பார்க்கலாம். நேரில் 'டீம் லீடர்' என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் 'சீனியர் இன்ஜினியர்' என்று இருந்தால் சந்தேகம்தான் வரும்.

அதுக்காக எழுதியதை மனப்பாடமாக ஒப்பிக்கவும் கூடாது. 'About' பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். பேசக் கிடைப்பதோ அரை நிமிடம்!

உதாரணத்துக்கு, கோவை இன்ஜினியர் ஒருவரின் சுருக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "பம்ப் உற்பத்தியில் 6 ஆண்டு அனுபவமுள்ள தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். வார்ப்புக் கழிவை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தவர். சப்ளையர் தர மேம்பாட்டில் ஆர்வம்."

பெயரைச் சொன்ன பிறகு, இதையே அவர் இப்படிப் பேசலாம்: "கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில 6 வருஷமா குவாலிட்டி பார்க்கிறேன். முன்னாடி 100 காஸ்டிங் வந்தா 8 ரிஜெக்ட் ஆகும், இப்போ 3தான் ஆகுது. அடுத்து சப்ளையர் பக்கம் வேலை பார்க்கணும்னு ஆசை. நீங்க காஸ்டிங் எங்க வாங்குறீங்க?"

அதே மூன்று தகவல்கள், அதே வரிசை. 'குறைத்தவர்' என்று எழுத்தில் ஓகே, வாயால் சொன்னால் மேடை அறிமுகம் மாதிரி இருக்கும். சதவீதம் காதில் நிற்காது என்பதால் எண்ணிக்கையாகிவிட்டது. கடைசிக் கேள்வி மட்டும் புதுசு. எதிரில் இருப்பவர் பேச அதுதான் வழி.

போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்காவது மூச்சு முட்டினால், அந்த வரி இன்னும் எழுத்து நடையிலேயே இருக்கிறது, இரண்டாக உடையுங்கள். வேலை மாறினால் இரண்டையும் ஒரே நாளில் திருத்திவிடுங்கள்.