உயர்வும் தாழ்வும், உயர்வோ தாழ்வோ: டிரோபோனின் வரையறையில் ஒரு பாடபேதம்

அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் ஜெஸ்ஸி 2010இல் எழுதிய குறுங்கட்டுரை ஒன்று பின்வந்தோரால் ஓயாமல் எடுத்தாளப்படுகிறது. டிரோபோனினை அளக்கும் முறை மட்டமாக இருந்தவரை அது நல்ல சோதனையாக இருந்தது, அளவை மேம்பட மேம்படச் சோதனை மட்டமாகிறது என்பது அதன் சாரம். பழைய முறைக்குப் பெரிய சேதம் மட்டுமே தெரியும். ஆகவே தெரிந்தால் மாரடைப்பு. புதிய முறையோ சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, நுரையீரல் ரத்தக்கட்டு ஆகியவற்றால் வரும் சிறு கசிவையும் காட்டிவிடுகிறது. அவசரப் பிரிவில் நின்று பார்த்தால் அவர் அலுப்பு நியாயமானதே. ஆனால் வரலாறாக இதை ஏற்க முடியவில்லை. ஒற்றை எண்ணைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்வதுதான் ஆதிமுதல் இந்தச் சோதனை என்று அவர் வாதம் கொள்கிறது.

நல்ல காலம் என்று அவர் சொல்லும் காலத்துக்கே போவோம். ஹாம் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில் நிலையற்ற நெஞ்சுவலியோடு வந்த 109 பேருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் ரத்தம் எடுத்தார்கள். ஓய்விலும் வலித்த 84 பேரில் 33 பேருக்கு டிரோபோனின் டி தென்பட்டது. அவர்களில் 10 பேருக்குப் பின்னர் மாரடைப்பு வந்தது. தென்படாத 51 பேரில் ஒருவருக்கு மட்டும். அன்றும் ஒருதரம் பார்த்து விடவில்லை. மாரடைப்பு என்று இன்னும் பெயர் பெறாத சிறு உயர்வே அபாயத்தை முன்கூட்டிச் சொன்னது. அதற்கும் முன்பு, 1979ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வரையறை, நொதியின் அளவு ஏறிப் பின் இறங்கும் தொடர்மாற்றத்தைக் கேட்டது. திரும்ப எடுக்கும் வழக்கம் டிரோபோனினுக்கு மூத்தது.

அப்படியானால் ஒற்றை எண்ணின் ஆட்சி எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2000இல் வெளியிட்ட பொதுக்கருத்து ஆவணத்தில் இரு பாடங்கள் இருக்கின்றன. வரையறைப் பகுதி டிரோபோனினின் ஏற்றத்தையும் படிப்படியான இறக்கத்தையும் கேட்கிறது. உயிர்வேதியியல் பகுதியோ, முதல் 24 மணி நேரத்தில் ஒருமுறையேனும் எல்லையைத் தாண்டினால் போதும் என்கிறது. எல்லை என்பது, நலமானோர் நூறு பேரில் 99 பேரின் அளவு அடங்கும் கோடு. பரபரப்பான வார்டில் எளிய பாடமே வென்றிருக்கும் என்பது என் ஊகம்; இதற்கு நேர்ச் சான்று காட்ட இயலாது. 2007இல் வந்த வரையறை 'உயர்வும் தாழ்வும்' என்பதை 'உயர்வு அல்லது தாழ்வு, அல்லது இரண்டும்' என்று திருத்தியது. ஓர் 'அல்லது' நுழைந்ததால், தாமதமாக வந்து இறங்குமுகத்தில் அகப்பட்டவரும் வரையறைக்குள் வந்தார். மாற்றம் வேண்டும் என்ற நிபந்தனை முன்னிலும் உறுதிப்பட்டது.

காரணம் தசையிலேயே இருக்கிறது. டிரோபோனினின் பெரும்பகுதி தசை இழையோடு கட்டுண்டது. சிறு பகுதியே செல்நீரில் மிதக்கிறது. சேதம் நேர்ந்த முதல் மணிகளில் ரத்தத்துக்கு வருவது கொஞ்சமே. பிறகு ஏறும், ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம்.

உயர்நுண்மை டிரோபோனின் டி சோதனையை எடுத்துக்கொள்வோம். எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம். விளக்கத்துக்காக நான் அமைத்த இருவர்: நெஞ்சுவலி தொடங்கிய ஒன்றரை மணியில் வந்தவருக்கு 9, ஒரு மணி கழித்து 17. நாட்பட்ட சிறுநீரக நோயாளிக்கு 31, பிறகு 32, மூன்றாம் மணியில் 31. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவரை வீட்டுக்கு அனுப்பி இரண்டாமவரைப் பிடித்துவைப்போம். ஐரோப்பிய ஒருமணி விதிப்படி 5க்குக் குறையாத ஏற்றம் மாரடைப்பை வலுவாகச் சுட்டும். முதலாமவருக்கு 8 ஏறியிருக்கிறது. இரண்டாமவருடையது தேங்கிய அளவு. 2018 வரையறையின் மொழியில் அது நாட்பட்ட இதயத் தசைச் சேதம். அதைப் பொய்நேர்வு என்று தள்ளுவது தவறு. இத்தகையோருக்குப் பின்னாளில் மரண அபாயம் கூடுதல் என்பது பல ஆய்வுகளின் முடிவு. இப்போது அடைப்பு என்று மட்டும் அது சொல்லவில்லை. ஈசிஜியில் எஸ்டி உயர்வு தெளிவாக இருந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ரத்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஓரிடத்தில் ஜெஸ்ஸி பக்கம் சாய்கிறேன். வலி வந்து ஒரு நாள் கழித்து வருபவரின் அளவு உச்சத்தருகே கிட்டத்தட்ட அசையாமல் நிற்கலாம். அது நாட்பட்ட தேக்கம்போலவே தோன்றும். அங்கே 'அல்லது' உதவாது. வலி எப்போது தொடங்கியது என்று நோயாளியிடம் மறுபடி கேட்க வேண்டும், இதய எக்கோ பார்க்க வேண்டும், சில மணி விட்டு இன்னொரு குழாய் ரத்தம் எடுக்க வேண்டும்.