பட்டம் பெற்ற ஆண்டு எது?

டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற ஆண்டு எது? 1916 என்பார் சிலர். 1917 என்பார் சிலர். 1927 என்பார் வேறு சிலர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்தெழுதுவதால் இக்குழப்பம் நீங்குவதில்லை. இதைத் தீர்க்கவல்ல சாட்சி, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையின் பழைய ஏடுகளே. அவற்றைக் கேட்டு எழுதும் ஆராய்ச்சியாளர் எவ்வாறு கேட்கவேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பரோடா மன்னரின் உதவிச் சம்பளத்தால் 1913-இல் அங்குச் சேர்ந்த அம்பேத்கர், 1915-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். 1916-இல் இந்தியாவின் தேசிய வருமானம் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை அளித்துவிட்டு இலண்டன் சென்றார். அக்காலத்தில் அச்சர்வகலாசாலையில் கட்டுரை ஏற்கப்பட்டால் மட்டும் போதாது; அதனை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்த பிறகே பட்டம் வழங்கப்படும். மாகாண நிதியைப் பற்றிய அவரது நூல் 1925-இல் இலண்டனில் அச்சாயிற்று. பட்டம் 1927-இல் வழங்கப்பட்டது. ஆகவே கட்டுரை அளித்த ஆண்டு வேறு, பட்டம் பெற்ற ஆண்டு வேறு.

“பட்டம் எப்பொழுது பெற்றார்?” என்று மட்டும் கேட்டால், விடையும் ஓர் ஆண்டாகவே வரும், குழப்பம் அப்படியே நிற்கும். எனவே நாம் எழுதும் கடிதம் இவ்வாறு இருக்கவேண்டும்:

“ஐயா, பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் என்னும் மாணவர் 1913 முதல் 1916 வரை தங்களிடம் பயின்றார். பிறப்பு 14-4-1891, மறைவு 6-12-1956. அவரது சேர்க்கை அட்டையின் இருபுறப் படியும் வேண்டும். டாக்டர் பட்டக் கட்டுரையின் தலைப்பு, அது ஏற்கப்பட்ட நாள், அச்சுப் பிரதிகள் வந்த நாள், பட்டம் வழங்கிய நாள் ஆகிய நான்கையும் தனித்தனியே தெரிவிக்கக் கோருகிறோம். அம்பேத்கர் என்ற பெயரில் அட்டை இல்லையேல், பீமராவ், ராம்ஜி என்னும் பெயர்களிலும் தேடியருள்க. அட்டை வேறு அலுவலகத்தில் இருப்பின், இக்கடிதத்தை அங்கு அனுப்பியுதவுக.”

பெயரை மூன்று வகையாகத் தேடச் சொல்வதற்குக் காரணமுண்டு. நம்மவர் பெயரில் குடும்பப் பெயர் எதுவென்று அந்நாட்டு எழுத்தர் அறியார். தகப்பனார் பெயரின்கீழ் அட்டையைச் செருகியிருக்கலாம். கட்டுரை நூல் நிலையத்திலும், மாணவர் பதிவு வேறு அலுவலகத்திலும் இருப்பது வழக்கமாதலால் கடைசி வேண்டுகோளும் அவசியமாயிற்று.

தலைப்பைக் கேட்பது ஏன்? 1916-இல் அளித்த கட்டுரையே விரிந்து 1925-இல் நூலாயிற்று என்பர் சிலர். அது வேறு, இது வேறு என்பர் பிறர். ஏற்கப்பட்ட நாளின் அருகில் எழுதியிருக்கும் தலைப்பே இதற்கு விடை.

ஆனால் அட்டைக்கும் எல்லையுண்டு. எந்த வகுப்பில் பெயர் பதிந்தார் என்று அது கூறும். அங்கு என்ன கற்றார் என்று கூறாது. அட்டை கிடைக்கவில்லை என்ற பதில், அவர் அங்குப் பயிலவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அம்பேத்கர் 1923-இலேயே இலண்டனில் டி. எஸ்ஸி. பட்டம் பெற்றுவிட்டதால், அமெரிக்கப் பட்டத்தின் ஆண்டை முன்னே தள்ளி அவருக்குப் பெருமை தேடவேண்டியதில்லை. பொருந்தாத ஆண்டை அன்பர் எழுதினால், அது பகைவருக்கே பயன்படும்.