துண்டிக்கப்பட்ட தலைகள்



1793 ஜனவரியில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. அதே ஆண்டில், பாரிஸ் நகராட்சியின் ஆணைப்படி, நோத்ருதாம் பேராலய முகப்பில் நின்ற 28 மன்னர் சிலைகளைக் கீழே இறக்கித் தலைகளைத் துண்டித்தார்கள். உண்மையில் அவை பைபிளில் வரும் யூதா மன்னர்களின் உருவங்கள். மக்களோ அவற்றைத் தங்களை ஒடுக்கிய பிரெஞ்சு மன்னர்களாகவே பார்த்தார்கள். தலையில் மகுடம் இருந்ததே போதுமான குற்றமாயிற்று. 1977இல் மண்ணுக்கடியில் கிடைத்த 21 தலைகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முடியாட்சி போய்விட்டதால் அவற்றை இப்போது யாரும் உடைப்பதில்லை.

2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையின் தலை துண்டிக்கப்பட்டது. செயல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் திசை நேரெதிரானது. பாரிஸில் உடைந்தது ஆண்டவர்களின் அடையாளம். இங்கே உடைக்கப்பட்டது, ‘இந்தத் தெரு எங்களுக்கும் உரியது’ என்று ஒடுக்கப்பட்டவர்கள் நிறுத்திய உருவம்.

மறுநாளே அரசு புதிய சிலையை வைத்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அம்பேத்கர் இன்னும் கம்பிக் கூண்டுக்குள்தான் நிற்கிறார். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். உடைக்க வருபவர் வெளியே உலவ, சிலையைச் சிறை வைப்பதும் உருவத்துக்கு விதிக்கும் தடைதான். பாரிஸின் தலைகளுக்குக் காவல் தேவைப்படாத காரணமே, நம் கூண்டுகள் ஏன் இன்னும் திறக்கவில்லை என்பதையும் சொல்கிறது.