கைநாட்டும் இரு சாட்சிகளும்: வங்கிக் கிளையில் ரேகையைப் படிப்பவர் யார்?

கையொப்பமிடத் தெரிந்த ஒருவர் வங்கியில் பணம் எடுக்க வரும்போது, சீட்டிலுள்ள கையொப்பத்தை ஊழியர் மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். கைநாட்டு வைப்பவர் வரும்போது அந்த ஒப்பீடு நடப்பதில்லை. கணக்குத் தொடங்கிய நாளில் வைத்த பெருவிரல் ரேகை வங்கியின் ஆவணத்தில் இருக்கிறது. இன்று வைத்த ரேகை சீட்டில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தாலும், இவை ஒரே விரலின் தடங்களா என்று சொல்லும் பயிற்சி கிளையில் எவருக்கும் இல்லை. அவர்கள் பார்ப்பது முகத்தை, பாஸ்புக்கில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தை, உடன் நிற்கும் சாட்சியை. படிக்க முடியாத ஓர் அடையாளத்தை வங்கி ஏன் கேட்கிறது, அதற்கு அருகில் சாட்சியை ஏன் நிறுத்துகிறது என்ற வினாவுக்கு விடை தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்திற்குப் போக வேண்டியிருக்கிறது.

1858 ஜூலையில், ஜங்கிப்பூரில் நிர்வாக அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை வழங்க ராஜ்யதர் கொனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தம் கையொப்பமாகும் வேளையில் கொனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் அலுவலக முத்திரைக்குரிய மையைத் தடவி, தாளின் பின்புறத்தில் பதியச் செய்தார். கைரேகை வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட நிகழ்ச்சி இது. ஆனால் ஒரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அந்த ஒப்பந்தத்தை வங்காள மொழியில் தம் கையால் எழுதியவரே கொனாய்தான். ரேகை கேட்கப்பட்டது அவருக்கு எழுதத் தெரியாது என்பதற்காக அன்று. பின்னாளில் தம் கையொப்பத்தை அவர் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. எழுத்தறியாமைக்கும் கைரேகைக்கும் உள்ள தொடர்பு பின்னர் ஏற்பட்டது. தொடக்கத்தில் இருந்தது நம்பிக்கையின்மை.

1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் நீதித்துறை நடுவராக இருந்தபோது ஹெர்ஷல் இம்முறையை மூன்று இடங்களில் பயன்படுத்தினார்: ஓய்வூதியம் பெறுவோர், பத்திரப் பதிவு, சிறை. இறந்தவர் பெயரில் வேறொருவர் ஓய்வூதியம் வாங்குவதும், எழுதிக் கொடுத்த பத்திரத்தை எழுதியவரே மறுப்பதும் அன்றைய அதிகாரிகளின் பெருங்கவலைகள். சாட்சிகளை விலைக்கு வாங்கிவிடலாம் என்று காலனிய அதிகாரிகள் கருதினர். மனிதச் சாட்சியின் இடத்தில், விலைபோகாத ஒரு சாட்சியாக உடலையே நிறுத்துவதுதான் ரேகையின் நோக்கம்.

அந்த நோக்கம் நிறைவேற ஒரு நிபந்தனை உண்டு: ரேகையைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பு பெரிது. 1899இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் 'விரல் ரேகைகள்' என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. அதன்படி ரேகை குறித்த வல்லுநரின் கருத்து நீதிமன்றத்தில் சான்றாயிற்று. அதாவது, ரேகையைப் படிப்பது தனித்துறை அறிவு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அந்த அறிவு காவல்துறைப் பணியகத்திலும் நீதிமன்றத்திலும் கிடைத்தது. வங்கியின் கவுண்டரில் கிடைக்கவில்லை.

வங்கிக்குப் பயன்பட்டது இன்னொரு சட்டம். 1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டம், தம் பெயரை எழுத இயலாதவரைப் பொறுத்தவரை 'கையொப்பமிடுதல்' என்பது 'குறியிடுதல்' என்பதையும் உள்ளடக்கும் என்கிறது. அங்கே ரேகை என்ற சொல்லே இல்லை. பெருவிரல் தடமும் குறிதான், பேனாவால் போட்ட ஒரு கீறலும் குறிதான். அந்தக் குறிக்குச் சாட்சி வேண்டும் என்றும் அந்த வரையறை சொல்லவில்லை. உயிலுக்கும் அடைமானப் பத்திரத்திற்கும் இரு சாட்சிகளைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. பணமெடுக்கும் சீட்டுக்கு அப்படி இல்லை. கிளையில் நிற்கும் சாட்சி வங்கி நடைமுறையின் படைப்பு. ஹெர்ஷல் எவரை வெளியேற்ற விரும்பினாரோ அவரையே, ரேகையைப் படிக்க இயலாத காரணத்தால், வங்கி மீண்டும் அழைத்துக்கொண்டது.

உண்மையில் இது பழைய ஏற்பாடு. எழுத இயலாதவர் தாமே இடும் குறிக்குத் தமிழில் 'தற்குறி' என்று பெயர். அந்தக் குறிக்குப் பிறிதொருவர் சான்றளிப்பதைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'தற்குறி மாட்டெறிதல்' என்கின்றன. குறியும் அதற்குச் சான்று சொல்லும் ஆளும் சேர்ந்தே ஒரு முழுமையான ஒப்பம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. குறியைச் சுட்டிய சொல் பின்னர் குறியிட்டவரைச் சுட்டி, அதன் பின் வசைச்சொல்லாகவும் தேய்ந்தது.

வங்காளத்தில் வேறொரு வழக்கம் இருந்தது: எழுதத் தெரிந்தவர், தெரியாதவரின் பெயரைத் தாமே எழுதி, 'இன்னாரின் பேனாவால்' என்று சேர்ப்பார். பாரசீகத்திலிருந்து வந்த 'பகலம்' என்ற சொல் இதைக் குறிக்கும். இந்த வழக்கம் 1950இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வேளாண் வருமான வரி ஆணையருக்கும் கேசவ் சந்திர மண்டலுக்கும் இடையிலான அவ்வழக்கில், எழுத்தறியாத தந்தைக்காக மகன் 'பேனாவால்' என்ற முறையில் வரிப் படிவத்தில் ஒப்பமிட்டிருந்தார். அது செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. ஒப்பமிடுபவருக்கும் தாளிலுள்ள குறிக்கும் இடையே உடல் தொடர்பு ஏதேனும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பிறர் எழுதலாம், ஆனால் பேனாவையாவது ஒப்பமிடுபவர் தொட்டிருக்க வேண்டும். இன்றைய வங்கி விதிகள் நிற்பது இந்தத் தொடுதலின் மீது. இரு கைகளையும் இழந்தவர் கால்விரல் தடத்தால் கணக்கை இயக்கலாம் என்பதற்கும், அவர் உடலைத் தொட்ட ஒரு கருவியால் மற்றொருவர் குறியிடலாம் என்பதற்கும் ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவைச் சுற்றறிக்கை இத்தீர்ப்பையே காட்டுகிறது.

கிளையில் இது எவ்வாறு நடக்கிறது? எடுத்துக்காட்டாக, எழுத்தறியாத எழுபது வயதுப் பெண் ஒருவர் தம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து 3,000 ரூபாய் எடுக்க வருவதாகக் கொள்வோம். கணக்குத் தொடங்கியபோதே அவருடைய புகைப்படமும், உடலிலுள்ள மச்சம், தழும்பு போன்ற அடையாளக் குறிப்புகளும், பெருவிரல் தடமும் பதிவாகியிருக்கும். ஆணுக்கு இடக்கை, பெண்ணுக்கு வலக்கை என்பது பல வங்கிகளின் வழக்கம். பொதுவாக அவருக்குக் காசோலைப் புத்தகம் தரப்பட்டிருக்காது; பாஸ்புக்கோடு நேரில் வர வேண்டும். சீட்டை வேறொருவர் நிரப்பித் தரலாம். தொகையை அவருக்கு வாய்விட்டுச் சொல்லி, அவர் ஆம் என்ற பிறகு, அதிகாரியின் கண்முன் பெருவிரல் பதிய வேண்டும். அதிகாரி படத்தோடு முகத்தை ஒப்பிட்டு, 'இன்னாரின் பெருவிரல் தடம்' என்று எழுதி ஒப்பமிடுவார். பணம் அவர் கையிலேயே தரப்படும். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சீட்டின் பின்புறத்தில் இன்னொரு தடம் வாங்கப்படும். முன்புறத் தடம் கட்டளை. பின்புறத் தடம் பற்றுச்சீட்டு.

அதே பெண் படுத்த படுக்கையாகிவிட்டால் நிலைமை மாறுகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, நோயுற்றவர் அல்லது முதியவர் வைக்கும் தடத்தை, வங்கிக்கு அறிமுகமான, சார்பற்ற இருவர் அடையாளம் காட்ட வேண்டும். ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். தடமும் வைக்க முடியாது, நேரிலும் வர முடியாது என்றால், சீட்டில் ஒரு குறி போதும். அதற்கும் இதே இரு சாட்சிகள். பணத்தை வாங்கி வருபவர் யார் என்பதை அவரே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி வருபவரையும் இருவர் அடையாளம் காட்ட வேண்டும். வருபவர் தம் கையொப்பத்தை வங்கிக்குத் தர வேண்டும். குறியிட்டவர் யார் என்பதும் பணம் யாரிடம் போகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதே இந்த விதியின் நுட்பம்.

இவ்வேற்பாடு கெடும் இடங்களும் இங்கேதான். நிரப்பப்படாத சீட்டில் முன்கூட்டியே தடம் வாங்கி வைத்துக்கொள்வது முதலாவது. அந்தத் தடம் உண்மையானது, உடல் தொடர்பு உடையது. ரேகை வல்லுநரும் அதை உறுதி செய்வார். ஆனால் 3,000 என்ற எண்ணை அந்த விரல் அறியாது. எழுத்தும் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் மட்டுமே, எது முதலில் தாளில் ஏறியது என்று ஆவண வல்லுநர் ஆராய இடமுண்டு. பணத்தை வாங்கிச் செல்லும் உறவினரே சாட்சியாகவும் ஒப்பமிடுவது இரண்டாவது. சார்பற்றவர் என்ற சொல் அங்கே பொருளிழக்கிறது. மூன்றாவது, அதிகாரி வீட்டுக்குப் போகாமலே, வந்த சீட்டில் 'என் முன்னிலையில்' என்று எழுதுவது. ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்தி எடுத்து அப்பிய கரிய வட்டம் நான்காவது: மை வரிப்பள்ளங்களை நிரப்பிவிட்டால் வல்லுநராலும் ஒப்பிட முடியாது. பிற்காலச் சான்று என்ற ஒரே பயனையும் அந்தத் தடம் இழந்துவிடுகிறது.

சாட்சி கண்ணால் கண்டிருக்க வேண்டுமா, கேட்டறிந்தால் போதுமா என்ற வினா நீதிமன்றங்களுக்கும் புதிதன்று. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஷாமு பட்டர் வழக்கில், அடைமானப் பத்திரத்தின் சாட்சி ஒப்பமிடுவதை நேரில் கண்டிருக்க வேண்டும் என்று 1912இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1926இல் சட்டம் திருத்தப்பட்டு, 'இது என் ஒப்பம்' என்று எழுதிக் கொடுத்தவர் தாமே சாட்சியிடம் சொன்னாலும் போதும் என்றாயிற்று. எவ்வாறாயினும் அவருக்கும் சாட்சிக்கும் இடையே நேர்ப்பேச்சாவது நடந்திருக்க வேண்டும். கிளைக்கு வெளியே வாங்கப்பட்ட தடத்தின் கீழ் ஒப்பமிடும் சாட்சிக்கு அதுவும் வாய்ப்பதில்லை.

இன்று ஆதார்வழிப் பணப்பரிமாற்றத்தில் ரேகையைப் பொறி படிக்கிறது. வங்கி முகவரின் சிறு கருவியில் விரல் வைத்தால் போதும். சாட்சி இல்லை, சீட்டு இல்லை. ஹெர்ஷலின் எண்ணம் ஏறத்தாழ ஈடேறிவிட்டது. ஆனால் வேலை செய்து தேய்ந்த விரல்களைப் பொறி சிலவேளை மறுக்கிறது. 'பதியவில்லை, மறுபடியும் வையுங்கள்' என்று சொல்லி இரண்டாம் முறை பணம் எடுக்கும் மோசடியும் நடந்திருக்கிறது. இணையத்தில் கிடைத்த பதிவுப் பத்திரங்களின் கைரேகைகளிலிருந்து போலி விரல்கள் செய்யப்பட்ட வழக்குகளும் உண்டு. மறுப்பைத் தடுக்கப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட ரேகை, திருட்டுக்கு மூலமாகியிருக்கிறது.

பொறி ஒரே கேள்விக்கு விடை தருகிறது: இந்த விரல் யாருடையது? எவ்வளவு பணம், அதை அவர் அறிந்தாரா, அது அவர் கைக்குப் போனதா என்ற மூன்றையும் கிளையில் கேட்டவர் அதிகாரியும் அருகில் நின்ற சாட்சியுமே. அவர்கள் கேட்காமல் ஒப்பமிட்ட இடங்களில் அந்தக் கேள்விகள் அன்றும் கேட்கப்படவில்லை. முகவரின் மேசையிலோ அவற்றைக் கேட்க ஆளே நியமிக்கப்படவில்லை.