எட்டணாவுக்கு ஷாம்பு: கடலூரில் தொடங்கிய கதை



போன வாரம் மளிகைக் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், ஷாம்பு பாக்கெட் நம்ம கடலூர்ல பொறந்ததுன்னு சொல்றாங்களே, நெசமா?" நிஜம்தான் என்றேன். ஆனால் அதை இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழைகள் சிறிது சிறிதாக வாங்குவதை எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. என் சின்ன வயதில் எங்கள் தெருக்கோடிக் கடையில் எல்லாமே சில்லறையாகத்தான் விற்கும். பத்து பைசாவுக்குத் தேங்காயெண்ணெய் என்று கிண்ணத்தை நீட்டினால் கடைக்காரர் கரண்டியால் ஊற்றுவார். மிளகாய்த்தூளும் சீயக்காய்த்தூளும் காகிதப் பொட்டலத்தில் வரும். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு அதுதான் வசதி. இன்று கூலி வந்தால் இன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குவார்கள். நாளைக்குச் சேர்த்து வாங்கினால் நாளைய காசை இன்றே முடக்கியதாகிவிடும்.

அதில் ஒரு சங்கடமும் இருந்தது. அளக்கும் கை கடைக்காரருடையது. கரண்டி நிறைந்ததா, எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்ததா, அவருக்குத்தான் தெரியும். நல்ல கம்பெனிச் சரக்கு டப்பாவிலும் பாட்டிலிலும்தான் வரும். மொத்தமாகக் காசு கொடுக்க முடிந்தவருக்குத் தரம் உறுதி, முடியாதவருக்குக் கடைக்காரரின் மனசாட்சி.

இந்த இடத்தில்தான் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் வருகிறார். மருந்தும் அழகுசாதனமும் தயாரித்துவந்த சிறு முதலாளி. கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் தன் பொருளை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை என்று அவர் மகன் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்த காலத்தில் 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட் போட்டவர் அவர். 100 கிராமாக விற்ற எப்சம் உப்பை 5 கிராம் பாக்கெட்டில் விற்றார். தூளை மடிக்கலாம். திரவத்தையும் இப்படிப் பாக்கெட்டில் அடைக்க முடியும் என்று நினைத்ததுதான் பெரிய தாவல்.

அதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நீள நாடாவாக வரும் பிளாஸ்டிக் படலத்தை மடித்து, ஓரத்தைச் சூட்டால் ஒட்டி, உள்ளே அளந்து ஊற்றி, வாயையும் சூட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் ஒரு துளி ஷாம்பு பட்டிருந்தாலும் ஒட்டு பலமாக இராது. பார்வைக்கு நன்றாக இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் ஓரத்தில் கசியும். ஒன்று கசிந்தால் அதோடு சேர்ந்த சரமே பிசுபிசுத்து, கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். காசு சேர்வது ஆயிரக்கணக்கில் விற்பதால்தான். எனவே நூற்றில் நாலைந்து கெட்டாலும் லாபம் போய்விடும்.

சின்னி கிருஷ்ணன் அந்த யோசனையின் முழு அறுவடையைப் பார்க்காமலே காலமானார். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். 1980களில் டிவி பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. பிள்ளைகளில் ஒருவர் சி.கே.ரங்கநாதன். படிப்பில் சுமார் என்று அவரே சொல்லிக்கொள்வார். உடன்பிறந்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள், இவருக்கோ புறா வளர்ப்பதில்தான் மனம். (கடைசி பெஞ்சுக்காரர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.) அண்ணன்மாரோடு கருத்து ஒத்துப்போகாமல், கையில் 15,000 ரூபாயோடு வெளியேறி, 1983இல் தனியாகத் தொடங்கினார். வீடும் அலுவலகமுமாக ஓரிடத்துக்கு மாத வாடகை 250 ரூபாய், பட்டறைக்கு 300 ரூபாய், பாக்கெட் போடும் இயந்திரம் 3,500 ரூபாய். ஷாம்புவுக்கு 'சிக்' என்று பெயர் வைத்தார். அப்பா பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த பெயர் அது. முதல் மாதம் விற்றது 20,000 பாக்கெட். பின்னாளில் கெவின்கேர் ஆன கம்பெனி இதுதான்.

சொந்தக் குடும்பத்தின் ஷாம்புவே கடைகளில் கொடிகட்டிப் பறக்கும்போது புதியவர் எப்படி நுழைவது? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஷாம்புவின் வெறும் பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். யோசித்துப் பாருங்கள். வெறும் பாக்கெட் வைத்திருப்பவர் ஏற்கெனவே ஷாம்பு போடப் பழகியவர். அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவரே அத்தாட்சியோடு கடைக்கு வருவார். கொஞ்ச காலம் கழித்துத் திட்டத்தை மாற்றி, ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்றார். இலவசமாகப் போட்டுப் பார்த்தவர்கள் அதற்குள் சிக் கேட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆனது என்பது அவர் பேட்டியில் சொன்ன கணக்கு. மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்ததும் இன்னும் ஏறியது. தலையில் மல்லிகைப் பூ வைக்கும் ஊரில் தலைமுடிக்கும் மல்லிகை வாசம் என்றால் கேட்க வேண்டுமா! பிறகு நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார்.

ஷாம்புவே பார்க்காத கிராமங்களுக்கு வேறு வழி. ஊர் கூடும் இடத்தில் ஒரு பையனுக்குத் தலை குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்பார்கள். ரஜினி படம் போட்டு, நடுநடுவே விளம்பரமும் செய்முறையும் காட்டி, முடிந்ததும் பாக்கெட் கொடுத்தனுப்புவார்கள்.

1990களின் இறுதியில் இன்னொரு படி. அப்போதும் கிராமங்களில் ஏராளமானோர் தலைக்குக் குளியல் சோப்பைத்தான் போட்டுவந்தார்கள். பாக்கெட் விலை அவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் எட்டணாவுக்கு, அதாவது 50 பைசாவுக்கு ஒரு பாக்கெட் வந்தது. கணக்கு வாத்தியாரான என்னை யோசிக்க வைத்தது இதுதான். சாதாரணமாகச் செலவைக் கூட்டி, லாபத்தைச் சேர்த்து விலை வைப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் வாங்குபவர் கையில் எந்த நாணயம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் கடைக்காரர் பங்கு, மொத்த வியாபாரி பங்கு, வண்டிச் செலவு, படலத்தின் விலை எல்லாம் கழித்தபின் மிஞ்சும் பைசாவுக்கு எத்தனை மில்லி ஷாம்பு கொடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். விலைதான் கொடுக்கப்பட்டது, அளவுதான் கண்டுபிடிக்க வேண்டிய எக்ஸ். அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டதால் சில ஆண்டுகளில் சிக், இந்திய ஷாம்பு சந்தையில் பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பிராண்டுகளுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது.

கடைக்காரருக்கும் இது வசதி. ஷாம்பு பாட்டில் அலமாரியில் இடம் கேட்கும். பாக்கெட் சரத்துக்கு ஓர் ஆணி போதும். வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கேட்கக் கேட்கக் கிழித்துக் கொடுப்பார். முதலும் அதிகம் முடங்காது. பெட்டிக் கடை வரை ஷாம்பு போய்ச் சேர்ந்தது இதனால்தான்.

ஏழைக்கு இதனால் லாபமா நஷ்டமா என்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வரை சண்டை போட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சி.கே.பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளராக மதித்தால் இரு தரப்புக்கும் நன்மை என்று 2004இல் புத்தகமே எழுதினார். அவர் பணியாற்றிய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இன்னொரு பேராசிரியர் அனில் கர்னானி அதை மறுத்தார். பாக்கெட் சிறியது என்பதால் பொருள் மலிவாகிவிடாது, அதே விலையைத் துண்டு போட்டு வாங்குகிறோம், அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

பொதுவாகக் கர்னானி சொல்வது சரி. ஆனால் ஷாம்பு விஷயத்தில் நம் நாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டில் நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 5 மில்லி என்றால் மில்லி 20 பைசா. அதே ஷாம்பு 200 மில்லி பாட்டில் 120 ரூபாய் என்றால் மில்லி 60 பைசா. எண்கள் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், ஆனால் பெரும்பாலும் பாக்கெட்தான் மலிவாக வரும். பல கம்பெனிகள் ஒரே நாணயத்துக்காகப் போட்டி போடுவதால் அங்கே விலையை ஏற்ற முடிவதில்லை. பாட்டில் வாங்குபவரிடம் கூட வாங்கலாம், பாட்டிலுக்கும் மூடிக்கும் தனிச் செலவும் உண்டு. எல்லாப் பொருளும் இப்படியில்லை. காபித்தூளையும் எண்ணெயையும் வகுத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

விலை ஏற்ற முடியாதபோது கம்பெனி என்ன செய்யும்? மில்லியைக் குறைக்கும். ஒரு ரூபாய்க்கு 8 மில்லி கொடுத்தது 6 மில்லி ஆனால் எத்தனை சதவீத விலையேற்றம்? 25 என்று சொல்பவர்கள் எழுந்து நில்லுங்கள். குறைந்த அளவுதான் 25 சதவீதம். மில்லிக்கு 12.5 பைசாவாக இருந்தது ஏறக்குறைய 16.7 பைசா ஆகிறது. விலையேற்றம் 33 சதவீதம்! நாணயம் மாறாததால் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. முன்பு ஒரு பாக்கெட்டில் முடிந்த தலைக்குளியலுக்கு இப்போது இரண்டு கிழிக்க வேண்டியிருக்கிறதே என்று அம்மா சொல்லும்போதுதான் தெரியும். கரண்டி கடைக்காரர் கையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. கலப்படம் போனது, ஆனால் எதிரில் நின்று "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்று கேட்கவும் ஆள் இல்லை.

அடுத்தது அந்த வெறும் பாக்கெட். ஐந்துக்கு ஒன்று இலவசம் என்ற நாட்களில் எங்கள் பள்ளிப் பையன்கள் அதைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். கால்சட்டைப் பையெல்லாம் ஷாம்பு வாசம். திட்டம் நின்றதும் பொறுக்குவதும் நின்றது. இன்றைய பாக்கெட் ஒரே பிளாஸ்டிக் அல்ல. அச்சுக்கு ஒரு படலம், காற்றும் ஈரமும் புகாமல் உலோகப் பூச்சு, சூட்டில் ஒட்ட உள்ளே இன்னொரு படலம். மூன்றும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதால் மறுபடி உருக்கிப் பயன்படுத்துவது கடினம். எடையும் ஒன்றுமில்லை. ஒரு கிலோ சேர்க்க எத்தனை பாக்கெட் பொறுக்குவது? பால் கவரை எடுத்துக்கொள்ளும் காயலான் கடைக்காரர் இதைத் தொடமாட்டார். 2016 விதிகள் குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கத் தடை போட்டன. 2022 ஜூலையில் நாடு முழுக்கத் தடையான பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் ஷாம்பு பாக்கெட் இல்லை.

கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சரம் ஏதாவது மூலையில் கிடந்தால், அதில் அச்சிட்ட மில்லியையும் விலையையும் இன்றைய சரத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். மற்றவர்கள் வகுத்துப் பார்த்து விடையை எழுதுங்கள்.