மாரத்தான் பயிற்சி: கோச்சா, அச்சிட்ட அட்டவணையா, செயலியா?

கெமாஸில் வேலை பார்த்துக்கொண்டே, அக்டோபரில் கோலாலம்பூர் மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் ஓட நினைக்கிறீங்களா? 18 வாரப் பயிற்சி என்றால் ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கணும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்யலாம்: ஒரு வாரம் திட்டப்படி நடக்கலைன்னா, அடுத்த வாரத்தை யார் மாற்றுவது?

அச்சிட்ட அட்டவணை: நீங்கதான் மாற்றணும்

அமெரிக்கப் பயிற்றுநர் ஹால் ஹிக்டனின் ‘நோவிஸ் 1’ புதியவர்களிடையே பிரபலம். வாரம் நாலு நாள் ஓட்டம். வார இறுதி நீண்ட ஓட்டம் சுமார் 10 கிலோமீட்டரில் தொடங்கி, 15ஆம் வாரத்தில் 32ஐத் தொடும்.

9ஆம் வாரம் 16 கிலோமீட்டர் ஓடிட்டீங்க. 10ஆம் வாரம் காய்ச்சல். 24 கிலோமீட்டர் ஓட்டம் போச்சு. தாளோ அடுத்த வாரம் 26 என்கிறது. அப்படியே தாவினால் முழங்காலும் கெண்டைக்காலும் தாங்காமல் போகலாம். உடம்பு முழுசா தேறிய பிறகு 20, 24, 26 என்று ஏறுங்க. கடைசியில் 32க்குப் பதில் 29இல் நின்றாலும் பந்தயத்தை முடிக்கலாம். இந்தக் கணக்கை நீங்களே போட முடிந்தால், தாளே போதும்.

செயலி: கடிகாரம் மாற்றும்

ரன்னா போன்ற செயலிகள், விடுபட்ட நாட்களைக் கணக்கில் எடுத்து அட்டவணையைத் திருத்த வழி தருகின்றன. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இது வசதி. ஆனால் செயலி எண்களை மட்டுமே பார்க்கும். புழுக்கத்தில் வேகம் குறைவது இயல்பு. அதைச் செயலி உங்க பலவீனம்னு எடுத்துக்கலாம். அடர்ந்த செம்பனை மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் தூரமும் பிசகலாம். அதனால் சுலபமான ஓட்டத்தில் வேகத்தைப் பார்க்காதீங்க. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா? அதுதான் சரியான அளவு. மூச்சு வாங்கினால், திரை என்ன சொன்னாலும் வேகத்தைக் குறைங்க.

கோச்: கேட்டுவிட்டு மாற்றுவார்

ஓட்டம் ஏன் விடுபட்டது என்று கோச் கேட்பார். காய்ச்சலா, இரவு ஷிப்டா, வலியா என்பதைப் பொறுத்து அடுத்த வாரம் மாறும். நீங்கள் ஓடும் விதத்தை நேரில் கவனிப்பதும் அவரால்தான் முடியும். தொலைவிலிருந்து வாட்ஸ்அப்பில் வழிநடத்துபவர் என்றால், அந்தப் பலன் குறையும். சேருமுன், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்துத் திருத்துவார் என்று கேளுங்க. எல்லாருக்கும் ஒரே அட்டவணையை அனுப்புகிறார் என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அச்சிட்ட தாளைத்தான்.

அப்போ எது?

முதல் மாரத்தான், பழைய காயம் இல்லை, பந்தயத்தை முடித்தால் போதும் என்றால் தாள். வேலை நேரம் வாராவாரம் மாறினால் செயலி. ஒரே இடத்தில் வலி திரும்பத் திரும்ப வந்தாலோ, குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்கணும் என்றாலோ கோச். மாதக் கட்டணம் கட்டுப்படியாகலைன்னா, தாளை வைத்துக்கொண்டு 8ஆம் வாரத்தில் ஒருமுறை மட்டும் கோச்சிடம் காட்டலாம்.

வலியால் நொண்டி ஓடும் நிலை வந்தால், மூன்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்க.