35,000 அடி என்றால் எத்தனை மீற்றர்?

கட்டார், சவூதி என்று போய்வரும் நம்மூரவர்களுக்கு விமானத்துக்குள் கேட்கும் அறிவிப்பு பழகிப்போன ஒன்று. “நாம் இப்போது 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம்” என்பார்கள். பாடசாலையில் மீற்றர் படிக்கும் பிள்ளை பக்கத்திலிருந்து “அது எத்தனை மீற்றர்?” என்று கேட்டால், நம்மில் அநேகர் மூன்றால் வகுத்துச் சொல்லிவிடுவோம். 11,667 என்று வரும். சரியான விடை 10,668. கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் கூடிவிட்டது.

ஒரு மீற்றரில் இருப்பது மூன்று அடியல்ல, 3.28 அடி. அந்தச் சின்ன மிச்சம்தான் 35,000 தடவை சேர்ந்து இவ்வளவாகிறது. மனக்கணக்குக்கு வேறு வழி இருக்கிறது. அடியை மூன்றால் பெருக்கி, பத்தால் வகுங்கள்: 10,500. பிறகு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 5 மீற்றர் கூட்டுங்கள். 35 ஆயிரத்துக்கு 175. மொத்தம் 10,675. சரியான விடைக்கு ஏழு மீற்றர்தான் வித்தியாசம். பிள்ளைக்குப் புரியும்படி சொல்வதென்றால், நமது பீதுருதலாகலை மலை 2,524 மீற்றர். அப்படி நான்கு மலைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் விமானம் அதற்கும் மேலேதான் போகும்.

ஒரு அடி 0.3048 மீற்றர் என்பதும் ஆதியிலிருந்தே இருந்த கணக்கல்ல. அமெரிக்க அடிக்கும் பிரித்தானிய அடிக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் உடன்பட்டு, ஒரு யார் சரியாக 0.9144 மீற்றர் என்று 1959இல்தான் தீர்மானித்தன. அதில் மூன்றிலொன்றுதான் இன்றைய அடி.

உலகமே மீற்றருக்கு மாறிய பிறகும் ஆகாயத்தில் ஏன் அடி? 1944இல் சிக்காகோவில் செய்யப்பட்ட உடன்படிக்கையின் வழியே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு உருவானது. அதன் விதிகளில் உயரத்துக்குரிய பிரதான அலகு மீற்றர்தான். அடிக்கு இருப்பது தற்காலிக அனுமதி. அந்தத் “தற்காலிகம்” எப்போது முடியும் என்று இன்றுவரை திகதி குறிக்கவில்லை! மேலும் கீழுமாகப் போகும் விமானங்களுக்கிடையே 1,000 அடி இடைவெளி விடுவது விமானிகளுக்கு நினைவில் வைக்கவும் சொல்லவும் இலகு. அதையே மீற்றரில் சொன்னால் 304.8 என்று வரும்.

ஆனால் சீனா மீற்றரை விடவில்லை. அங்கே கட்டுப்பாட்டு அதிகாரி மீற்றரில் உயரம் சொல்வார், விமானி அதை அடியாக மாற்றிப் பறப்பார். இது பிசகினால் என்னவாகும் என்பதை 1999 ஏப்ரல் 15ஆம் திகதி ஷங்காய் நகரம் கண்டது.

கொரியன் எயார் நிறுவனத்தின் சரக்கு விமானமொன்று அங்கிருந்து சியோலுக்குப் புறப்பட்டது. 1,500 மீற்றருக்கு ஏறும்படி அனுமதி கிடைத்தது. அடியில் அது சுமார் 4,900. விமானம் 4,500 அடிக்கு ஏறியபோது, போகவேண்டிய உயரம் எது என்று தலைமை விமானி துணை விமானியைக் கேட்டார். 1,500 அடி என்று பதில் வந்தது. எண் சரி, அலகு பிழை. உண்மையில் இன்னும் 400 அடி ஏறவேண்டியிருந்தது. தலைமை விமானியோ 3,000 அடி கூடுதலாக ஏறிவிட்டதாக நினைத்து, விமானத்தின் மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளினார். அந்த இறக்கத்திலிருந்து அதை மீட்க முடியவில்லை. விமானத்திலிருந்த மூவரும் தரையிலிருந்த ஐவரும் உயிரிழந்தார்கள்.

1,500 அடி என்பது வெறும் 457 மீற்றர். மீற்றரை அடியாக்கினால் எண் எப்போதும் மூன்று மடங்குக்கு மேல் பெருகவேண்டும். 1,500ஐ மூன்றால் பெருக்கினால் 4,500, அதில் பத்திலொன்றைக் கூட்டினால் 4,950. தோராயமான கணக்குத்தான், ஆனாலும் 1,500 அடி என்பது சரிவராது என்று காட்ட அது போதும். எண் மாறாமல் அப்படியே நின்றால், மாற்றம் நடக்கவேயில்லை என்று அர்த்தம்.

2007இல் சீனா தன் உயர்வான்பரப்பு மட்டங்களைத் திருத்தி, ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் பறக்கவேண்டிய அடியை அட்டவணையாகவே கொடுத்தது. அதில் 10,700 மீற்றருக்கு நேரே இருப்பது 35,100 அடி. விமானி மனக்கணக்குப் போடத் தேவையில்லை, பார்த்துப் பறக்கவேண்டியதுதான்.

இன்னொன்று. 10,668 என்பதில் கடைசி 68ஐப் பிடித்துக்கொண்டு பிள்ளையோடு வாதாட வேண்டாம். விமானத்தின் உயரமானி நாடாவால் அளப்பதில்லை, காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. மேலே எல்லா விமானங்களும் 1013.25 ஹெக்டோபஸ்கால் என்ற ஒரே நியம அழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணிக்கின்றன. அன்றைய காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் பொறுத்து, உண்மையான உயரம் கூடவோ குறையவோ இருக்கலாம். எல்லா உயரமானிகளும் ஒரேயளவு விலகுவதால் விமானங்களுக்கிடையிலான இடைவெளிக்கு அதனால் ஆபத்தில்லை. ஆகவே பிள்ளை கேட்டால், “பத்தே முக்கால் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு” என்று சொன்னாலே போதும்.